காம்போசிட் அடைப்பின் அடித்தளத்துக்குப் போய்ச் சேரும் ஒளி எவ்வளவு?

சொத்தை எடுத்த கடைவாய்ப்பல்லில் காம்போசிட் என்ற, ஒளியில் இறுகும் குழைவை வைத்து, நீல ஒளி காட்டி முடித்ததும் எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியால் மேலே ஒரு முறை தட்டிப் பார்ப்பது வழக்கம். கல்லில் தட்டியது போலக் கேட்கும். வேலை முடிந்தது என்று கை சொல்லிவிடும். ஆனால் அந்த ஒலி அடைப்பின் மேற்பரப்பைப் பற்றித்தான் சொல்கிறது. ஐந்தாறு மில்லிமீட்டர் கீழே, பக்கத்துப் பல்லோடு ஒட்டியிருக்கும் இடுக்கில், ஈறுக்கு அருகே காம்போசிட்டும் பல்லும் சேரும் அந்தக் கோட்டில் என்ன நடந்தது என்பதை அது சொல்வதில்லை. இரண்டு பற்களுக்கு இடையே சொத்தை விழுந்து அடைக்கப்பட்ட பல்லில் மறுபடி சொத்தை வரும்போது, பெரும்பாலும் முதலில் வருவது அந்தக் கோட்டில்தான். விளக்கிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதும் அந்தக் கோடுதான்.

மறுபடி சொத்தை வருவதற்கு எச்சில், ரத்தக் கசிவு, அடைக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டும் மேட்ரிக்ஸ் பேண்ட் சரியாகப் பொருந்தாதது, நோயாளியின் பராமரிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றையெல்லாம் மருத்துவர் கண்ணால் பார்க்க முடியும். ஒளி போதாமல் போனதை மட்டும் பார்க்க முடியாது. ஆகவே அதைக் கணக்கால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மேலே கல், கீழே களிம்பு

காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ந்த குழைவு. எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தூள் இருக்கும் வகைகளே கடைவாய்ப்பல்லுக்கு அதிகம் பயன்படுகின்றன. பிசின் பகுதியில் பிஸ்-ஜிஎம்ஏ, யூடிஎம்ஏ, டெக்டிஎம்ஏ போன்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. இவற்றின் இரு முனைகளிலும் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பு உண்டு. பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் கை அதுதான். குழைவில் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருளும் சிறிதளவு கலந்திருக்கும். அது 468 நானோமீட்டர் அளவிலுள்ள நீல ஒளியை நன்றாக உறிஞ்சி, கூடவே இருக்கும் அமீனோடு சேர்ந்து, சங்கிலி வினையைத் தொடங்கி வைக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து வலையாகின்றன. குழைவு கெட்டியாகிறது.

இந்த வினை ஒருபோதும் முழுமையடைவதில்லை. நன்றாக இறுகிய காம்போசிட்டிலும் நூறு பிணைப்புகளில் ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான் கைகோத்திருக்கும். வலை பின்னப்பின்ன மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் போவதே காரணம். சிக்கல் என்னவென்றால், 40 பிணைப்புகள் மட்டும் சேர்ந்திருந்தாலும் எக்ஸ்ப்ளோரர் முனைக்கு அது கெட்டியாகத்தான் படும். தொடுதலுக்குத் தெரியும் கடினம் ஒளி பட்ட முதல் சில நொடிகளிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சேரும் பிணைப்புகள்தான் அடைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கைக்குத் தெரியாததும் அவைதான். விளக்கை அணைத்த பிறகும் வினை மெதுவாக ஒரு நாள் வரை தொடரும் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் போதிய ஒளி கிடைக்காத அடிப்பகுதியை அது காப்பாற்றிவிடாது.

எவ்வளவு ஒளி போதும்? இதில் இரண்டு அளவுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று ஒளிச்செறிவு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் மில்லிவாட். மற்றொன்று நேரம். குழாயடியில் குடம் நிரப்புவது போலத்தான் இதுவும். தண்ணீர் விழும் வேகத்தையும் குழாய் திறந்திருந்த நேரத்தையும் பெருக்கினால் குடத்தில் எவ்வளவு என்று தெரியும். 1000 மில்லிவாட் செறிவுள்ள விளக்கை 20 நொடி காட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் சேர்கிறது. 2 மி.மீ. தடிமனுள்ள ஓர் அடுக்குக்கு 16 ஜூல் என்பது பாடங்களில் வழங்கிவரும் ஒரு பொதுக்கணக்கு. ஹாலோஜன் விளக்குக் காலத்து 400 மில்லிவாட், 40 நொடி என்ற வழக்கத்தைப் பெருக்கினாலும் இதே எண்தான் வரும். காம்போசிட்டுக்குக் காம்போசிட் தேவை மாறும். சிலவற்றுக்கு இதைவிடக் குறைவாகவே போதும், அடர்நிறத்துக்கும் ஒளி ஊடுருவாத ஓபேக் வகைக்கும் கூடுதலாக வேண்டும். கையில் இருக்கும் பொருளின் உறையோடு வரும் தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும். கீழே வரும் கணக்குக்கு 16 ஜூலையே வைத்துக்கொள்வோம்.

குடத்து உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழாயை எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் குடம் நிரம்பும். காம்போசிட் அப்படியல்ல. 3000 மில்லிவாட்டுக்கு மேல் கொட்டி, ஓரிரு நொடியில் முடித்துவிடலாம் என்று விற்கப்படும் விளக்குகளில், வினையைத் தொடங்கும் துகள்கள் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிப் பிறந்து, வலையை வளர்ப்பதற்குள் ஒன்றையொன்று அணைத்துக்கொள்கின்றன. அந்த வேகத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட சில காம்போசிட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தவிர மற்றவற்றில் ஒரு நொடி வேலையை நம்புவதற்கில்லை.

ஒரு பல்லின் கணக்கு

கீழ் இடது முதல் கடைவாய்ப்பல், அதாவது பல் மருத்துவர்களின் எண்முறையில் 36. அதன் பின்பக்கத்தில், இரண்டாம் கடைவாய்ப்பல்லை ஒட்டிய இடத்தில் சொத்தை. சொத்தையை எடுத்த பிறகு ஒரு பெட்டிக்குழி கிடைக்கிறது. பல்லின் மேல் முகடுகளிலிருந்து அந்தக் குழியின் ஈறுத்தளம் வரை ஏறத்தாழ 7 மி.மீ. ஆழம். உலோக மேட்ரிக்ஸ் பேண்ட் சுற்றி, பல் இடுக்கில் மரவெட்ஜ் என்ற சிறு ஆப்பைச் செருகி, ஈறுத்தளத்தில் ஒரு மி.மீ. தடிமனுக்கு முதல் அடுக்கு வைத்தாயிற்று. விளக்கின் முனை பல்முகடுகளில் தட்டி நிற்கிறது. அதற்குக் கீழே அதனால் இறங்க முடியாது. ஆகவே முதல் அடுக்கின் மேற்பரப்புக்கும் விளக்கு முனைக்கும் இடையே 6 மி.மீ. வெற்றிடம்.

விளக்கின் மேல் 1000 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது. அது முனையை ஒட்டி அளந்த எண். முனையை விட்டு வெளியே வந்த ஒளி கூம்பாக விரிகிறது. விலகும் தூரத்துக்கு ஏற்பச் செறிவு குறைகிறது. நல்ல லென்ஸ் அமைந்த விளக்கில் 6 மி.மீ. தூரத்தில் இழப்பு குறைவாக இருக்கும். சாதாரண விளக்கில் பாதிக்கு மேலும் போய்விடும். பாதி என்றே வைத்தால் 500. முனையில் பழைய காம்போசிட் துணுக்கு ஒட்டியிருக்கிறது, மேலே போட்ட பிளாஸ்டிக் உறை சுருங்கி, அதன் தையல் முனையின் நடுவில் விழுந்திருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 400. கடைசியாக, நோயாளியால் அவ்வளவாக வாய் திறக்க முடியவில்லை. விளக்கின் கழுத்து மேல்பற்களில் இடித்து முனை சாய்ந்து நிற்கிறது. குழியின் முன்சுவர் நிழல் ஈறுத்தளத்தில் விழுகிறது. மிஞ்சுவது 300 என்று கொள்வோம்.

விளக்கின் பொத்தானில் அமைத்திருப்பது 10 நொடி. 300 மில்லிவாட்டை 10 நொடியால் பெருக்கினால் 3 ஜூல். வேண்டியதோ 16. ஐந்தில் ஒரு பங்கு கூட வந்து சேரவில்லை. ஆனாலும் எக்ஸ்ப்ளோரர் வைத்துத் தொட்டால் முதல் அடுக்கு கெட்டியாகவே தெரியும். அதன் மேல் அடுத்த அடுக்கு வைக்கப்படும். அதன் பிறகு அந்த முதல் அடுக்குக்கு மேலிருந்து நேராக ஒளி கிடைக்க வழியே இல்லை.

இதே குழியில் முனையைத் துடைத்து, உறையை இழுத்துச் சரிசெய்து, நோயாளியின் தாடைக்கு முட்டுக்கட்டை வைத்து விளக்கை நேராக நிறுத்தினால் 500 கிடைக்கிறது. 16 ஜூலுக்கு 32 நொடி வேண்டும். கணக்கை அடுத்த பத்துக்கு ஏற்றி 40 நொடி கொடுக்கலாம். விளக்கை மாற்றவில்லை, பொருளை மாற்றவில்லை. 10 நொடிக்கும் 40 நொடிக்கும் இடைப்பட்ட அரை நிமிடமும், விளக்கின் கோணமும்தான் மாறியிருக்கின்றன.

அந்த 40 நொடியை ஒரே மூச்சில் கொடுக்காமல் இருபது இருபதாகப் பிரிப்பது நல்லது. ஒளியோடு வெப்பமும் இறங்குகிறது. 1965-இல் ஜாக், கோஹன் இருவரும் குரங்குப் பற்களில் நடத்திய ஆய்வில், பல்லின் உயிர்ச்சதை ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் சூடேறியபோது ஏழில் ஒன்று என்ற அளவில் சதை மீளாமல் போனது. குழிக்கும் உயிர்ச்சதைக்கும் இடையே பல்லின் உள்ளடுக்கான டென்டின் மெல்லியதாக இருக்கும் ஆழக் குழிகளில் இதை மறக்கக் கூடாது. விளக்கு எரியும்போது உதவியாளர் பக்கவாட்டிலிருந்து காற்றூதியால் மெல்ல ஊதினால் சூடு தணிந்துவிடும். வெப்பத்துக்குப் பயந்து நேரத்தைக் குறைப்பது தவறு. காற்று ஊதினால் நேரத்தைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை.

கண் விஷயமும் இங்கேயே சேர்கிறது. நீல ஒளி கண்ணுக்குக் கெடுதல் என்பதால் பலர் பொத்தானை அழுத்தியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முகம் திரும்பினால் கையும் நகர்கிறது. முனை இரண்டு மூன்று மி.மீ. விலகினாலே பெட்டிக்குழியின் பாதி இருளில் போய்விடும். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பிரைஸ், பொம்மை வாயின் பற்களுக்குள் உணர்கருவி பொருத்திய ஓர் அமைப்பைக் கொண்டு இதைத்தான் காட்டினார். ஒரே விளக்கு, ஒரே பல், ஒரே நேரம். ஆனாலும் ஆளுக்கு ஆள் பல்லுக்குள் போய்ச் சேர்ந்த ஆற்றல் பெரிய அளவில் வேறுபட்டது. ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்து, முனையை விரலால் பல்லோடு அணைத்து, முதல் நொடி முதல் கடைசி நொடி வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதற்கு மருந்து. அந்தக் கண்ணாடி கண்ணைக் காப்பதோடு கையையும் காக்கிறது.

ஏன் 2 மில்லிமீட்டர்?

காற்றில் விரிந்து குறையும் ஒளி, காம்போசிட்டுக்குள் நுழைந்த பிறகு இன்னும் வேகமாகக் குறைகிறது. கண்ணாடித் தூள் அதைச் சிதறடிக்கிறது, நிறமிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஏ3 போன்ற நடுத்தர நிறத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் கடக்கும்போது தோராயமாகப் பாதி ஒளி போய்விடுவதாக வைத்துக்கொண்டால் நடைமுறைக் கணக்குக்குப் போதும். 2 மி.மீ. அடியில் கால் பங்கு. 3 மி.மீ. அடியில் அரைக்கால். 4 மி.மீ. அடியில் மாகாணி. 2 மி.மீ.க்கான ஜூல் கணக்கில் அந்த முக்கால் பங்கு இழப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அடுக்கை 3 மி.மீ. ஆக்கிவிட்டு அதே நேரம் காட்டினால், அடியிலிருப்பதற்குக் கிடைப்பது பாதிதான்.

பழகிய கைக்குக்கூட 2 மி.மீ. என்பது கண்ணளவில் சரியாக வருவதில்லை. ஆழமான குழிக்குள் 3 மி.மீ. அடுக்கு 2 மி.மீ. போலவே தெரியும். மில்லிமீட்டர் கோடு போட்ட பெரியோடான்டல் புரோபை அடுக்கு வைப்பதற்கு முன்னும் பின்னும் குழிக்குள் இறக்கிப் பார்த்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும். கொஞ்ச நாள் இப்படி அளந்து வைத்தால் கை தானே அளவு கற்றுக்கொள்ளும்.

அடுக்கடுக்காக வைப்பதற்கு ஒளி மட்டும் காரணமில்லை. இறுகும்போது காம்போசிட் சுருங்குகிறது. இன்றைய பொருள்களில் கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம். எண் சிறியதுதான். ஆனால் சுருங்கும் பொருள் சுற்றிலும் பல்லோடு ஒட்டப்பட்டிருக்கும்போது அந்தச் சுருக்கம் இழுவிசையாக மாறி, ஒட்டைப் பிய்க்கப் பார்க்கிறது. ஒட்டிய பரப்பு கூடக்கூட, ஒட்டாத பரப்பு குறையக்குறைய இந்த இழுவை ஏறும். 1987-இல் ஃபைல்சர், டி கீ, டேவிட்சன் மூவரும் இந்த விகிதத்துக்குக் கொடுத்த பெயர்தான் சி-ஃபேக்டர். ஐந்து சுவர்களில் ஒட்டி மேலே மட்டும் திறந்திருக்கும் குழியில் அது 5. ஆகவே ஓர் அடுக்கை எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒட்டாமல், சாய்வாக ஒரு சுவரோடும் தளத்தோடும் மட்டும் ஒட்டும்படி வைப்பது நல்லது. கன்னப்பக்கச் சுவருக்கு ஒன்று, நாக்குப்பக்கச் சுவருக்கு ஒன்று.

நம் 36-ஆம் பல்லில் வரிசை இப்படிப் போகும். ஈறுத்தளத்தில் ஒரு மி.மீ.க்கு மிகாமல் எளிதில் வழிந்து பரவும் ஃப்ளோ வகைக் காம்போசிட், 40 நொடி. பிறகு பேண்டை ஒட்டிப் பின்பக்கச் சுவரை மட்டும் ஒன்றரை மி.மீ. தடிமனில் எழுப்ப வேண்டும். அதன் உயரம் 2 மி.மீ.க்கு மேல் போனால் இரண்டு தவணையாக எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒளி கொடுக்க வேண்டும். சுவரின் அடிப்பகுதிதான் கடைசியாக ஒளி பெறும் இடம் என்பதால் அங்கேயும் 40 நொடிதான். சுவர் எழும்பிவிட்டால் பெட்டிக்குழி சாதாரண மேற்குழியாக மாறிவிடுகிறது. மீதியைச் சாய்வடுக்குகளாக நிரப்பலாம். மேலே வரவர விளக்கு நெருங்கிவிடுவதால் 20 நொடி போதும். ஒவ்வோர் அடுக்கின் மேலும் காற்றின் ஆக்சிஜன் வினையைத் தடுத்து மெல்லிய பிசுபிசுப்பை விட்டுவைக்கும். அடுத்த அடுக்கு ஒட்டிக்கொள்ள அது உதவுகிறது என்பதால் அதைத் துடைக்க வேண்டியதில்லை.

உலோகப் பேண்ட் ஒளியை விடாது. பேண்ட் இருக்கும்வரை எல்லா ஒளியும் மேலிருந்து மட்டுமே வருகிறது. அதனால் பேண்டையும் வெட்ஜையும் எடுத்த பிறகு, கன்னப்பக்கத்திலிருந்து 20 நொடி, நாக்குப்பக்கத்திலிருந்து 20 நொடி, முனையை ஈறோரத்துக்குத் தாழ்த்திக் கொடுக்க வேண்டும். முதல் அடுக்குக்கு அடியோரத்தில் கிடைக்கக்கூடிய கடைசி ஒளி இது. பாலிஷ் செய்யும் அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

பல்க் ஃபில் என்று விற்கப்படும் வகைகளில் 4 மி.மீ. வரை ஒரே அடுக்காக வைக்கலாம் என்கிறார்கள். அவை பெரும்பாலும் ஒளி அதிகம் ஊடுருவும்படி செய்யப்பட்டவை, சிலவற்றில் ஒளியை இன்னும் திறமையாகப் பயன்படுத்தும் வினைத்தொடக்கிகளும் உண்டு. அந்த 4 மி.மீ. நம்பத் தகுந்ததுதான். ஆனால் அது விளக்கு முனை பொருளை ஒட்டி நிற்கும்போது சொல்லப்பட்ட எண். 7 மி.மீ. ஆழக் குழியின் அடியில் 4 மி.மீ. ஒரே அடுக்காக வைத்தால் மேலே 3 மி.மீ. வெற்றிடமும் சேர்ந்துகொள்கிறது. பல்க் ஃபில் அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஒளி நேரத்தைக் குறைக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

ஒட்டு முதலில் கைவிடுகிறது

அடைப்பு சீக்கிரம் கெட்டுப்போவதற்குக் காம்போசிட் நொறுங்குவது மட்டும் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நடப்பதுதான். அடியில் மென்மையாக இருக்கும் பொருள் மெல்லும் அழுத்தத்தில் வளைய, அதன் மேல் நிற்கும் கெட்டியான ஓரமுகடு தாங்குதளமின்றி உடைகிறது. ஆனால் அதற்கு முன்பே கைவிடுவது பாண்டிங் படலம்தான்.

பாண்டிங் என்பது சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒட்டு. காம்போசிட் வைப்பதற்கு முன்பே அதற்குத் தனியாக ஒளி கொடுக்கப்படுகிறது. உறையில் 10 நொடி என்று போட்டிருக்கும். ஆனால் ஈறுத்தளத்தில் இருக்கும் பாண்டிங் விளக்கிலிருந்து 7 மி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே 10 நொடி என்பது உண்மையில் 5 நொடிக்கும் குறைவான வேலை. பெட்டிக்குழியின் மூலைகளில் பாண்டிங் தேங்கி நின்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கரைப்பான் முழுதும் ஆவியாகாமல், நீர்த்த பசையாகவே அது உறைந்துவிடும். பாண்டிங்கைக் காற்றால் நன்றாக விரித்து உலர்த்தி, ஆழக் குழியில் 20 நொடி கொடுப்பதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் பத்து நொடி மட்டுமே.

அரைகுறையாக இறுகிய ஒட்டின் மேல் காம்போசிட் அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மேல்நோக்கி இழுக்கின்றன. ஈறுத்தளத்தில் எனாமல் மிக மெல்லியதாகவோ இல்லாமலோ இருக்கும். ஒட்டுவது பெரும்பாலும் டென்டினோடு. எனாமலைவிட ஒட்டு பலவீனமான இடம் அது. அங்கே நூலிழை அளவுக்கு இடைவெளி பிறக்கிறது. பிறகு நடப்பது மெதுவானது. கைகோக்காத மூலக்கூறுகள் மெல்லக் கசிந்து வெளியேறுகின்றன. அவை விட்டுப்போன இடத்தில் எச்சில் நீர் புகுந்து பிசினை ஊறவைக்கிறது. எச்சிலிலும் சொத்தைக் கிருமிகளிலும் உள்ள எஸ்ட்டரேஸ் நொதிகள் பிசினின் எஸ்ட்டர் பிணைப்புகளை அறுக்கின்றன. நெருக்கமாக இறுகிய வலையில் அவை நுழைய இடம் குறைவு. தளர்வான வலையில் எளிதாக நுழைந்துவிடுகின்றன. இடைவெளி அகல்கிறது, உணவுத்துகளும் கிருமிப்படலமும் குடியேறுகின்றன. ஓரிரு ஆண்டுகள் கழித்து எடுக்கும் பைட்விங் எக்ஸ்ரேயில் அடைப்புக்கு நேர் கீழே ஒரு கருநிழல் தெரிகிறது.

அதற்கு முன்பே நோயாளி கவனிக்கக்கூடிய சில அறிகுறிகள் உண்டு. அடைத்து வாரக்கணக்கில் ஆகியும், கடித்து விடும்போது சுரீரென்று குத்தும் வலி போகாமல் இருக்கலாம். பல் இடுக்கில் விடும் நூல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிசிறிப் போகலாம். அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு விழலாம். இவற்றில் ஒன்றும் ஒளிக்குறையை மட்டுமே காட்டுவதில்லை. உயரம் கூடிய அடைப்பும் குத்தும், பேண்ட் சரியாகப் பொருந்தாமல் பிதுங்கிய ஓரமும் நூலைக் கிழிக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் கருநிழல்கூடச் சில சமயம் மூலையில் தேங்கிய பாண்டிங்காக இருக்கலாம். முந்தைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு நிழல் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தபின் முடிவெடுப்பதே முறை. ஆனால் அந்த அடைப்பைப் பிரித்தெடுக்கும்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். மேற்பகுதி துளைக்கும் பர் பட்டதும் வெள்ளைத் தூளாகப் பறக்க, ஈறுத்தளத்துப் பகுதி மட்டும் கையால் சுரண்டும் ஸ்பூன் எக்ஸ்கவேட்டருக்கே வழித்துக்கொண்டு வந்தால் அங்கே ஒளி போகவில்லை.

விளக்கைச் சோதிப்பது

விளக்கின் மேல் எழுதியிருக்கும் மில்லிவாட் எண்ணை அப்படியே நம்பக் கூடாததற்கு இன்னொரு காரணம் முனையின் அகலம். செறிவு என்பது மொத்த ஆற்றலை முனைப்பரப்பால் வகுத்தது. ஒரே 500 மில்லிவாட் ஆற்றலை 7 மி.மீ. முனை வழியாக விட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 1300 என்று எழுதலாம். 10 மி.மீ. முனை வழியாக விட்டால் 640 தான். 1300 என்ற எண் பெரியதாகத் தெரியும். ஆனால் முதல் கடைவாய்ப்பல்லின் அகலம் ஏறத்தாழ 11 மி.மீ. முன்பக்கமும் பின்பக்கமும் குழியெடுத்த பல்லில் 7 மி.மீ. முனையை நடுவில் வைத்து ஒரே முறை காட்டினால், இரண்டு பெட்டிக்குழிகளும் ஒளிவட்டத்துக்கு வெளியே நிற்கும். முன்பெட்டிக்கு ஒரு முறை, பின்பெட்டிக்கு ஒரு முறை, நடுவில் ஒரு முறை என்று மூன்று தடவை காட்டியாக வேண்டும்.

ஒளிச்செறிவை அளக்கும் கையடக்க ரேடியோமீட்டர் துல்லியமான கருவி அல்ல. ஒரே விளக்குக்கு இரண்டு மீட்டர்கள் இரண்டு எண்களைக் காட்டும். ஆனால் ஒரே மீட்டரைக் கொண்டு, விளக்கு புதிதாக இருந்தபோது அளந்து எழுதி வைத்து, வாரம் ஒரு முறை அதோடு ஒப்பிட்டால் சரிவு தெரிந்துவிடும். மின்கல விளக்குகளில் சார்ஜ் முழுமையாக இருக்கும்போதும் இறங்கியிருக்கும்போதும் அளந்து பார்ப்பது நல்லது. சில விளக்குகள் கடைசிவரை ஒரே செறிவைத் தரும், சில மாலையில் மங்கிவிடும்.

மீட்டர் சொல்லாததை ஒரு சிறு சோதனை சொல்லிவிடும். ஐஎஸ்ஓ 4049 தரநிலையில் உள்ள சுரண்டல் முறையின் எளிய வடிவம் இது. ஒளி ஊடுருவாத, 4 மி.மீ. உள்விட்டமுள்ள ஓர் உலோகக் குழாயை 8 மி.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொண்டு, உள்ளே லேசாக வாசலைன் தடவி, அன்றாடம் பயன்படுத்தும் ஏ3 காம்போசிட்டால் இடைவெளியின்றி நிரப்ப வேண்டும். மேலே இன்னொரு 6 மி.மீ. வெற்றுக் குழாயை வைத்து, அதன் மேல் விளக்கு முனையை நிறுத்தி, வழக்கமாகக் கொடுக்கும் நேரத்துக்கு ஒளி காட்ட வேண்டும். அந்த 6 மி.மீ.தான் பெட்டிக்குழியில் விளக்கு முனைக்கும் முதல் அடுக்குக்கும் இடையே இருந்த தூரம். பிறகு காம்போசிட்டை வெளியே தள்ளி, அடிப்பக்கத்துக் களிம்பைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுத்து, மிஞ்சிய கெட்டித் துண்டின் நீளத்தை அளந்து, இரண்டால் வகுக்க வேண்டும். சுரண்டலுக்குத் தாங்கிய பகுதியிலும் கீழ்ப்பாதி அரைகுறையாகத்தான் இறுகியிருக்கும் என்பதால்தான் இந்த வகுத்தல். 10 நொடியில் 2.5 மி.மீ. துண்டு கிடைத்தால் அந்த ஆழத்தில் உங்கள் விளக்கு நம்பகமாக இறுக்குவது ஒன்றேகால் மி.மீ. மட்டுமே. 20 நொடிக்கும் 40 நொடிக்கும் இதையே மறுபடி செய்து, 4 மி.மீ. துண்டு எந்த நேரத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். அந்தக் காம்போசிட்டையும் அந்த விளக்கையும் கொண்டு ஈறுத்தளத்தில் வைக்கும் 2 மி.மீ. அடுக்குக்கு ஒளி கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.